பூஜ்யமா, பார்க்கவே இல்லையா? முதல் தானியங்கி அறிக்கைக்கு எந்தக் கருவி?

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் ஒரு விநோதமான தவறு நிகழ்ந்தது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாள்களில் கோவிட் தொற்று உறுதியான 15,841 பேரின் விவரங்கள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. கணினி பழுதாகவில்லை, யாரும் ஊடுருவவும் இல்லை. ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய சோதனை முடிவுகளை ஒரு தானியங்கி முறை பழைய எக்செல் கோப்புகளில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய வகைக் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. ஒவ்வொரு சோதனை முடிவும் பல வரிசைகளை எடுத்துக்கொண்டதால், ஏறத்தாழ 1,400 பேரின் விவரங்களோடு ஒரு கோப்பு நிரம்பிவிட்டது. மீதி வரிசைகள் சத்தமில்லாமல் வெளியே விழுந்தன.

சோதனை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் முடிவு தெரிந்திருந்தது. ஆனால், அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி அந்த 15,841 பேருக்கும் தாமதமாகவே தொடங்கியது. கணக்கு மட்டும் தினமும் தவறாமல் வெளிவந்தது. பார்த்தவர்களுக்கு அது சரியான கணக்காகவே தெரிந்தது.

மாணவர்களே, நீங்கள் புறப்பாட நடவடிக்கைக்காகவோ அறிவியல் கழகத்துக்காகவோ ஓர் அறிக்கையைத் தானாக இயங்கும்படி அமைக்கப் போகிறீர்கள் என்றால் இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விரிதாள், தரவுத்தளம், டாஷ்போர்டு எனப்படும் தகவல் பலகை ஆகிய மூன்றில் எது அழகாக இருக்கும், எது புதியது என்று பார்ப்பது பயன் தராது. ஒரு தகவல் வராமல் போனால், அல்லது தவறாக வந்தால், இந்தக் கருவி என்னிடம் சொல்லுமா? அந்தக் கேள்வியோடு மூன்றையும் ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம்.

ஏடிஸ் ஆய்வும் வெள்ளிக்கிழமை அறிக்கையும்

ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கழகம் பள்ளி வளாகத்தில் ஏடிஸ் கொசு பெருகும் இடங்களைக் கண்காணிப்பதாக வைத்துக்கொள்வோம். பூச்சாடித் தட்டு, கூரைத் தண்ணீர்க் குழாய், குளிர்சாதனப் பெட்டியின் நீர்த்தட்டு, சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் கிடக்கும் வாளி என 30 இடங்களை அவர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாணவர்கள் இரண்டு இரண்டு பேராகப் போய், ஓர் இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, அதில் கொசுப்புழு நெளிகிறதா என்று பார்க்கிறார்கள்.

ஏன் வாரம் ஒருமுறை? நம் நாட்டு வெப்பத்தில் ஏடிஸ் முட்டை முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். மாதம் ஒருமுறை பார்த்தால் அதற்குள் கொசுக்கள் வளர்ந்து பறந்துபோயிருக்கும். வாளித் தண்ணீரை மாணவர்களே கவிழ்த்துவிடலாம். ஆனால், அடைத்துக்கொண்ட கூரைக் குழாயைச் சரிசெய்யப் பள்ளி நிர்வாகம்தான் ஆள் அழைக்க வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை பிற்பகலுக்குள் தலைமையாசிரியர் கைக்கு ஓர் அறிக்கை போக வேண்டும்.

அறிக்கையின் மையம் ஒரே ஓர் எண். தண்ணீர் இருந்த இடங்களில் நூற்றுக்கு எத்தனையில் புழு இருந்தது என்பதே அது. கொசு ஆய்வாளர்கள் இதைக் கலன் குறியீடு என்பார்கள். இந்த வாரம் 30 இடங்களைப் பார்த்ததில் 18 இடங்களில் தண்ணீர், அவற்றுள் 3 இடங்களில் புழு என்றால், 3 ஐ 18 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்க 16.7 வருகிறது. கணக்கு எளிது. அடுத்த வாரம் என்ன ஆகிறது என்பதில்தான் சிக்கல்.

அடுத்த வாரம் தேர்வு நேரம். பாதிப் பேர் வரவில்லை. 11 இடங்களை மட்டுமே பார்த்தார்கள். அவற்றில் 6 இடங்களில் தண்ணீர் இருந்தது. புழு எதிலும் இல்லை. குறியீடு பூஜ்யம். அறிக்கை தானாகவே போய்ச் சேருகிறது. தலைமையாசிரியர் மகிழ்ச்சியடைகிறார். பார்க்கப்படாத 19 இடங்களில் அந்தக் கூரைக் குழாயும் ஒன்று. இங்கிலாந்தில் நடந்ததும் அடிப்படையில் இதுதான். விடுபட்டது எதுவும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதைக் காட்டும்படி நாம்தான் அமைக்க வேண்டும்.

முதலில் விரிதாள்

எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாளில்தான் பெரும்பாலோர் தொடங்குவார்கள். அது சரியான தொடக்கமே. 30 இடம், ஆண்டுக்கு 40 பள்ளி வாரம் என்றால் 1,200 வரிசைகள்தாம். இன்றைய எக்செல் கோப்பில் ஒரு தாளுக்கு 1,048,576 வரிசைகள் வரை இடமுண்டு. ஆக, நம் பள்ளிக்கு அளவு ஒரு பிரச்சினையே இல்லை.

பிரச்சினை தாளின் அமைப்பில் வருகிறது. கையால் எழுதிப் பழகியவர்கள் இடங்களை இடப்பக்கம் கீழ்நோக்கியும் வாரங்களை மேலே குறுக்காகவும் எழுதி, புழு இருந்த கட்டத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசுவார்கள். கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால், சாதாரணச் சூத்திரங்களுக்கு வண்ணம் தெரியாது. மேலும், வெள்ளையாக இருக்கும் கட்டம் ‘புழு இல்லை’ என்கிறதா, ‘பார்க்கவில்லை’ என்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

எனவே ஒரு விதியை மட்டும் கடைப்பிடியுங்கள். ஓர் இடத்தை ஒருமுறை பார்த்தால் ஒரு வரிசை. எழுதுவதற்குக் கூகுள் படிவம் ஒன்றை அமைத்து, அதில் ஆய்வு நாள், இடம், தண்ணீர் உண்டா, புழு உண்டா என்று நான்கு கேள்விகள் வையுங்கள். இடத்தைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் ‘கேண்டீன் பின்புறம்’ என்பார், இன்னொருவர் ‘சிற்றுண்டிச்சாலை பின்னால்’ என்பார். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு இடங்கள்.

ஆய்வு நாளைத் தனியாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. படிவம் தானாகவே ஒரு நேரத்தைப் பதிவு செய்யும். ஆனால், அது அனுப்பிய நேரம், பார்த்த நேரமன்று. வியாழக்கிழமை பார்த்ததை மறந்துபோய்த் திங்கட்கிழமை அனுப்பினால் அந்தப் பதிவு அடுத்த வாரக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

படிவத்தின் பதில்கள் விழும் தாளுக்கு data என்று பெயரிடுங்கள். அதில் A நிரலில் அனுப்பிய நேரம், B யில் ஆய்வு நாள், C யில் இடம், D யில் தண்ணீர், E யில் புழு இருக்கும். இப்போது report என்ற இன்னொரு தாளில் B1 முதல் B5 வரை இந்த ஐந்து சூத்திரங்களை வரிசையாக இடுங்கள்.

```
=TODAY()-WEEKDAY(TODAY(),2)+1
=COUNTIFS(data!B:B,">="&B1,data!B:B,"<"&B1+7,data!D:D,"ஆம்")
=COUNTIFS(data!B:B,">="&B1,data!B:B,"<"&B1+7,data!E:E,"ஆம்")
=COUNTUNIQUEIFS(data!C:C,data!B:B,">="&B1,data!B:B,"<"&B1+7)
=IF(B4<30,"முழுமையில்லை",IF(B2=0,"நீர் இல்லை",ROUND(B3/B2*100,1)))
```

முதல் சூத்திரம் இந்த வாரத்துத் திங்கட்கிழமையைக் கண்டுபிடிக்கிறது. அந்தக் கட்டம் வெறும் எண்ணைக் காட்டினால் அதற்குத் தேதி வடிவம் கொடுங்கள். இரண்டாவது, அந்தத் திங்கள் முதல் ஏழு நாளுக்குள் தண்ணீர் இருந்த பதிவுகளை எண்ணுகிறது. மூன்றாவது, புழு இருந்தவற்றை எண்ணுகிறது. நான்காவது, எத்தனை வெவ்வேறு இடங்களைப் பார்த்தார்கள் என்று எண்ணுகிறது. ஒரே இடத்தை இரண்டு பேர் பதிந்தாலும் ஒன்றாகவே கணக்கிடும். ஐந்தாவதில்தான் உயிர் இருக்கிறது. 30 இடங்களும் பார்க்கப்படாவிட்டால் அது குறியீட்டைச் சொல்ல மறுத்துவிடும். தேர்வு வாரத்தில் ‘பூஜ்யம்’ என்ற பொய்யான நற்செய்திக்குப் பதிலாக ‘முழுமையில்லை’ என்று வரும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இரட்டைப் பதிவு நான்காவது சூத்திரத்தை ஏமாற்றாது. ஆனால், இரண்டாவதையும் மூன்றாவதையும் ஏமாற்றும். புழு இருந்த ஒரே இடத்தை இரண்டு பேர் பதிந்தால் 18 இல் 3 என்பது 19 இல் 4 ஆகி, 16.7 என்பது 21.1 ஆக உயரும். விரிதாள் அதைத் தடுக்காது. இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்திருங்கள், பிறகு வருவோம்.

தேதி என்னும் கண்ணி

விரிதாள் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு தானாக மாற்றிவிடும் விஷயங்களும் உண்டு. உயிரியலாளர்கள் இதனால் பல ஆண்டுகள் தொல்லைப்பட்டார்கள். SEPT1, MARCH1 என்ற பெயருடைய மரபணுக்களை எக்செலில் எழுதினால் அவை செப்டம்பர் 1, மார்ச் 1 என்று தேதிகளாக மாறின. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயரிடும் அனைத்துலகக் குழு அந்தப் பெயர்களையே SEPTIN1, MARCHF1 என்று மாற்ற வேண்டியதாயிற்று.

உங்கள் பள்ளியிலும் இது நடக்கும். மூன்றாம் கட்டடத்தின் இரண்டாவது இடம் என்பதற்கு 3-2 என்று குறியீடு வைத்தால் விரிதாள் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். C02 என்று வையுங்கள், பிரச்சினை வராது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பழைய பதிவுகளை வேறு கோப்பிலிருந்து ஒட்டும்போது தேதி வெறும் எழுத்தாகத் தங்கிவிடும். அப்போது 3/4/2025 என்பது கண்ணுக்குத் தேதிதான், கணக்குக்கு இல்லை. COUNTIFS அந்த வரிசையை எண்ணாமல் விட்டுவிடும். கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. நீங்கள் சீரமைப்பை மாற்றாதவரை உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கட்டத்தில் =ISNUMBER(B2) என்று எழுதுங்கள். TRUE வந்தால் தேதி, FALSE வந்தால் வெறும் எழுத்து. கோப்பு அமெரிக்க அமைப்பில் இருந்தால் அதே 3/4 ஏப்ரல் 3 ஆக இல்லாமல் மார்ச் 4 ஆகிவிடும் என்பதையும் பாருங்கள். கோப்பின் அமைப்புப் பகுதியில், நாள் முதலில் வரும் தேதி முறையுள்ள நாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தானாக அனுப்புவது எப்படி?

இதுவரை அறிக்கை தானாகக் கணக்கிடுகிறது, ஆனால் யாராவது திறந்து பார்க்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் Extensions பட்டியலின் கீழ் Apps Script என்ற பகுதி உண்டு. அங்கே இந்தச் சிறிய நிரலை எழுதலாம்.

```
function sendReport() {
  const s = SpreadsheetApp.getActive().getSheetByName("report");
  const msg = "Index: " + s.getRange("B5").getDisplayValue()
    + "  Places: " + s.getRange("B4").getDisplayValue() + "/30";
  MailApp.sendEmail("guru@example.com", "Aedes", msg);
}
```

அஞ்சல் முகவரியை மட்டும் உங்கள் ஆசிரியருடையதாக மாற்றுங்கள். பிறகு இடப்பக்கம் கடிகாரப் படம் உள்ள Triggers பகுதிக்குப் போய், வாரந்தோறும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் இந்த நிரல் ஓட வேண்டும் என்று குறிக்க வேண்டும். சரியாக 1 மணிக்கு என்று கேட்க முடியாது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு நிமிடத்தில் ஓடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, இந்த நேரக் குறிப்பு யார் கணக்கில் அமைக்கப்பட்டதோ அவர் பெயரில்தான் ஓடும். ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் அமைத்துவிட்டு, பள்ளியை முடித்து அவருடைய கணக்கு மூடப்பட்டால் அறிக்கையும் நின்றுவிடும். பொறுப்பாசிரியரின் கணக்கில் அமைப்பதே முறை. இரண்டாவது, ‘புழு இருந்தால் மட்டும் அஞ்சல் அனுப்பு’ என்று எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். அப்படிச் செய்தால் அஞ்சல் வராத வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பொருள் வந்துவிடும்: புழு இல்லை, அல்லது நிரல் நின்றுவிட்டது. ஒவ்வொரு வாரமும் கட்டாயம் அஞ்சல் வரும் என்றால், வராத வாரம் ஏதோ கோளாறு என்று உடனே தெரிந்துவிடும்.

எப்போது தரவுத்தளம்?

ஓர் ஆண்டு கழிகிறது. இந்தத் திட்டம் நன்றாகப் போக, பக்கத்திலுள்ள ஐந்து பள்ளிகள் சேர விரும்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒவ்வோர் இடத்துக்கும் எந்தப் பள்ளி, எந்தக் கட்டடம், பொறுப்பாளர் யார் என்ற விவரங்கள் வேண்டும். புழு கண்ட இடத்தில் பிறகு என்ன செய்தார்கள், எப்போது சரிசெய்தார்கள் என்பதும் வேண்டும். ஆக, இடங்களின் பட்டியல், ஆய்வுகளின் பட்டியல், நடவடிக்கைகளின் பட்டியல் என மூன்று பட்டியல்கள் ஒன்றையொன்று சுட்டுகின்றன. விரிதாளில் பொறுப்பாளரின் பெயரை ஒவ்வோர் ஆய்வு வரிசையிலும் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். அவர் மாறினால் நூறு வரிசைகளில் மாற்ற வேண்டும். தொண்ணூற்றெட்டில் மாற்றி இரண்டில் மறந்துவிடுவார்கள்.

தரவுத்தளத்துக்கு மாற வேண்டிய நேரம் இதுதான். வரிசைகள் பெருகியது மட்டுமே காரணம் அன்று. பட்டியல்கள் பலவாகிவிட்டன, எழுதும் கைகளும் பலவாகிவிட்டன. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் இலவசம். முழுத் தரவும் ஒரே கோப்பில் இருக்கும். தனிச் சேவைக் கணினி தேவையில்லை. உங்கள் கைப்பேசிக்குள்ளேயே பல செயலிகள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன.

தரவுத்தளத்தின் உண்மையான வலிமை, தவறான பதிவை உள்ளேயே விடாது என்பதாகும். ஆய்வுப் பட்டியலை உருவாக்கும்போதே விதிகளை எழுதிவிடலாம்.

```
CREATE TABLE visit (
  day   TEXT NOT NULL,
  place INTEGER NOT NULL REFERENCES place(id),
  wet   INTEGER NOT NULL CHECK (wet IN (0,1)),
  larva INTEGER NOT NULL CHECK (larva IN (0,1)),
  CHECK (larva <= wet),
  UNIQUE (day, place)
);
```

கடைசி இரண்டு விதிகளைக் கவனியுங்கள். larva <= wet என்பது, தண்ணீர் இல்லாத இடத்தில் புழு இருக்க முடியாது என்ற உயிரியல் உண்மையைச் சொல்கிறது. யாராவது தவறுதலாக ‘தண்ணீர் இல்லை, புழு உண்டு’ என்று பதிந்தால் தரவுத்தளம் ஏற்காது. UNIQUE (day, place) என்பது, ஒரே நாளில் ஒரே இடத்துக்கு இரண்டு பதிவு கூடாது என்கிறது. முன்பு 16.7 ஐ 21.1 ஆக்கிய இரட்டைப் பதிவு இங்கே வாசலிலேயே நின்றுவிடும். நாளை 2025-04-03 என்ற வடிவில், ஆண்டு முதலில் வரும்படி எழுத வேண்டும். அப்போதுதான் முன்பின் ஒப்பிடுவது சரியாக நடக்கும்.

ஒரு நுணுக்கம்: இடம் என்ற எண், இடங்களின் பட்டியலில் உண்மையாகவே இருக்கிறதா என்று எஸ்கியூலைட் தானாகச் சோதிக்காது. ஒவ்வொரு முறை இணையும்போதும் PRAGMA foreign_keys = ON; என்று சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் இல்லாத இடத்துக்கும் ஆய்வு பதிவாகும், எந்த எச்சரிக்கையும் வராது.

விடுபட்டதைக் கண்டுபிடிப்பதிலும் தரவுத்தளம் ஒரு படி மேல். விரிதாளின் ஐந்தாவது சூத்திரம் ‘முழுமையில்லை’ என்றது. இங்கே எது விடுபட்டது என்று பெயர் சொல்லியே கேட்கலாம்.

```
SELECT place.name
FROM place
LEFT JOIN visit
  ON visit.place = place.id
 AND visit.day >= date('now','localtime','-6 days')
WHERE visit.place IS NULL;
```

இதன் பொருள் எளிது. எல்லா இடங்களையும் எடு; ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடந்த ஆறு நாளும் இன்றுமாக ஏழு நாள்களில் நடந்த ஆய்வை வை; பக்கத்தில் எதுவும் இல்லாதவற்றை மட்டும் காட்டு. ‘கூரைக் குழாய், இரண்டாம் கட்டடம்’ என்று விடை வந்தால், வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒருவர் ஓடிப்போய்ப் பார்த்துவிடலாம். இந்தக் கேள்வியைக் கேட்க முடிவதற்குக் காரணம், பார்க்க வேண்டிய இடங்களின் முழுப் பட்டியல் தனியாக இருப்பதுதான். விரிதாளிலும் அப்படி ஒரு பட்டியல் வைத்து, ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் COUNTIFS எழுதி இதைச் செய்யலாம். ஆனால், பள்ளிகளும் பட்டியல்களும் கூடக்கூடச் சூத்திரங்கள் பின்னிக்கொள்ளும்.

தரவுத்தளம் தராதது என்ன? எழுதுவதற்கான படிவம், வரைபடம், அஞ்சல், நகல் சேமிப்பு எல்லாவற்றையும் நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஒரே கோப்பு அழிந்தால் எல்லாம் அழிந்தது. வாரந்தோறும் இன்னொரு இடத்தில் நகல் எடுக்க ஆள் இல்லாத கழகம் தரவுத்தளத்துக்கு இன்னும் தயாராகவில்லை.

தகவல் பலகை எங்கே வருகிறது?

Looker Studio, Power BI போன்றவை தகவல் பலகைக் கருவிகள். அழகான வரைபடம், வண்ணம், பொத்தானை அழுத்தினால் பள்ளிவாரியாகப் பிரியும் வசதி எல்லாம் அதில் உண்டு. பலரும் இதிலிருந்தே தொடங்க ஆசைப்படுவார்கள். ஆனால், ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தகவல் பலகை தரவைப் பதிந்து பராமரிக்கும் இடமன்று, அது ஒரு கண்ணாடி மட்டுமே. பின்னால் விரிதாளோ தரவுத்தளமோ இருக்க வேண்டும். பின்னால் இருப்பது குழப்பமாக இருந்தால் கண்ணாடியில் தெரிவதும் அதே குழப்பம்தான், வண்ணமயமாக.

இதில் புதியவர்கள் விழும் குழி ஒன்றைக் கணக்கோடு பார்ப்போம். முதல் கட்டடத்தில் 2 இடங்களில் தண்ணீர், அவற்றுள் 1 இல் புழு: குறியீடு 50. இரண்டாம் கட்டடத்தில் 20 இடங்களில் தண்ணீர், அவற்றுள் 1 இல் புழு: குறியீடு 5. பள்ளி முழுவதற்கும் எவ்வளவு? கட்டடவாரியான குறியீட்டைத் தனி நிரலாகக் கொடுத்துவிட்டு, சராசரி காட்டு என்று சொன்னால் கருவி 50 ஐயும் 5 ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 27.5 என்று பெரிய எழுத்தில் காட்டும். உண்மையில் 22 இடங்களில் 2 இல் புழு, அதாவது 9.1. மூன்று மடங்கு மிகையான எண்!

விழுக்காடுகளைச் சராசரி எடுக்கக் கூடாது. மேலே உள்ளதைத் தனியாகக் கூட்டி, கீழே உள்ளதைத் தனியாகக் கூட்டி, கடைசியில் வகுக்க வேண்டும். கருவிக்குள் SUM(larva)/SUM(wet)*100 என்று ஒரு கணக்கீட்டு நிரலை நீங்களே எழுதினால் சரியாக வரும். சோதிப்பதற்கும் வழி எளிது. ஏதாவது ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, காகிதத்தில் கையால் கணக்கிட்டு, பலகையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத வரை யாருக்கும் காட்டாதீர்கள்.

இன்னொன்று, பலகையில் தெரியும் எண் எப்போதைய எண்? இந்தக் கருவிகள் வேகத்துக்காகத் தரவின் நகலைச் சிறிது நேரம் வைத்திருக்கும். அதோடு, மூன்று வாரமாக யாரும் ஆய்வே செய்யாவிட்டாலும் பலகை பழைய வரைபடத்தை மலர்ந்த முகத்தோடு காட்டிக்கொண்டிருக்கும். அதனால் பலகையின் தலைப்பிலேயே ‘கடைசி ஆய்வு நாள்’ என்று தரவில் உள்ள மிகப் பிந்திய தேதியை எடுத்துக் காட்டுங்கள். ஒரு பார்வையிலேயே பழையதா புதியதா என்று தெரிந்துவிடும். பொதுவில் திறந்துவைக்கும் பலகையில் மாணவர் பெயர்களைச் சேர்க்காதீர்கள். குறியீட்டைக் கணக்கிட யார் பார்த்தார் என்பது தேவையே இல்லை.

தகவல் பலகை எப்போது பொருந்தும்? பார்ப்பவர்கள் பலராக இருந்து, ஒவ்வொருவருக்கும் வேறுவேறு கேள்வி இருக்கும்போது. ஆறு பள்ளி ஆசிரியர்களும் தத்தம் பள்ளியை மட்டும் பார்க்க விரும்பினால் ஆறு அறிக்கை எழுதுவதைவிட ஒரு பலகை மேல். ஆனால், நம் தலைமையாசிரியருக்கு இருப்பது ஒரே கேள்வி: இந்த வாரம் எங்கே ஆள் அனுப்ப வேண்டும்? அதற்கு அவர் தேடிப்போய்த் திறந்து பார்க்க வேண்டிய பலகையைவிட, அவரைத் தேடி வரும் இரண்டு வரி அஞ்சல் சிறந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆக, நம் பள்ளிக்கு முதல் ஆண்டில் படிவம், விரிதாள், வெள்ளிக்கிழமை அஞ்சல் ஆகிய மூன்றும் போதும். பல பட்டியல்கள் ஒன்றையொன்று சுட்டத் தொடங்கி, தவறான பதிவை வாசலிலேயே நிறுத்த வேண்டிய நிலை வரும்போது தரவுத்தளம். பலர் பல கேள்விகளோடு வரும்போது அதன்மேல் ஒரு தகவல் பலகை. ‘ஓர் ஆய்வுக்கு ஒரு வரிசை’ என்ற விதியைத் தொடக்கத்திலேயே கடைப்பிடித்திருந்தால், விரிதாளிலிருந்து தரவுத்தளத்துக்கு மாறுவது ஒரு பிற்பகல் வேலை. வண்ணம் பூசிய கட்டங்களிலிருந்து மாறுவதோ பல வார வேலை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் அறிக்கையை அனுப்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தரவின் நகல் ஒன்றை எடுத்து, அதில் வேண்டுமென்றே ஐந்து வரிசைகளை அழித்துவிட்டு அறிக்கையை ஓடவிடுங்கள். அறிக்கை எதுவும் நடக்காததுபோல் ஓர் எண்ணைச் சொன்னால் அது இன்னும் தயாராகவில்லை. ‘முழுமையில்லை, 25/30’ என்று சொன்னால், அந்த அறிக்கையை வெள்ளிக்கிழமை அனுப்பலாம்.